தெருக்குட்டிக்கு வீடு தேடும் வாசகம்

மழைக்காலம் ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது தமிழ்நாட்டுத் தெருக்களில் நாய்க்குட்டிகள் தென்படத் தொடங்கும். தெருநாய்கள் ஆண்டு முழுவதும் ஈன்றாலும், மழைக்காலத்தில் சேர்ந்து குளிர்காலத்தில் குட்டி போடுவதே பெரும்பான்மை. சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். அதே மாதங்களில் வாட்ஸ்அப் குழுக்களிலும், மருந்துக்கடைக் கண்ணாடிகளிலும், அடுக்ககங்களின் அறிவிப்புப் பலகைகளிலும் ஒரு வகை விளம்பரம் தலைகாட்டும். காசு கொடுத்துச் சாதி நாய் வாங்க நினைக்கும் குடும்பத்தை, அதற்குப் பதிலாகத் தெருவில் பிறந்த குட்டியொன்றைத் தத்தெடுக்கச் சொல்லும் பிரசார வாசகம் அது. நாலு வரியில் முடிவதும் உண்டு, ஒரு பக்கம் நீள்வதும் உண்டு. எழுதுபவர் பெரும்பாலும் விளம்பரத் தொழிலில் இருப்பவரல்ல. அந்தத் தெருவிலேயே குடியிருந்து, தாய்நாய்க்குச் சோறு வைத்து, குட்டிகள் வண்டிச்சக்கரத்தில் சிக்குவதற்குள் யாராவது கொண்டுபோக மாட்டார்களா என்று தவிப்பவர்.

அந்தத் தவிப்பே பல சமயம் வாசகத்தைக் கெடுத்துவிடுகிறது. "ஐயோ பாவம், அனாதைக் குட்டிகள், யாராவது காப்பாற்றுங்கள்" என்று தொடங்கும் வாசகத்தைப் படிப்பவர் கண் கலங்கலாம், பத்துப் பேருக்கு அனுப்பியும் வைக்கலாம். வீட்டுக்கு அழைத்துப் போவது வேறு விஷயம். ஒரு நாய் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகள் வாழும். அத்தனை காலத்துக்குப் பொறுப்பேற்கும் முடிவை இரக்கம் மட்டும் எடுக்க வைக்காது. எடுக்க வைத்தாலும் அந்த வேகம் மூன்றாம் வாரம் தாங்காது.

இந்த வாசகத்தின் போட்டியாளர் யார் என்று பார்த்தால் அதன் வேலை தெளிவாகும். சாதி நாய் விற்பவரின் விளம்பரத்தில் இரக்கத்துக்கு இடமே இல்லை. அது பெருமையை விற்கிறது. "பக் குட்டி, பஞ்ச் ஃபேஸ்", "லாப்ரடார், ஹெவி போன்", "ஒரிஜினல் ஹஸ்கி, நீலக் கண்", "கேசிஐ சான்றிதழ் உண்டு" என்று எழுதியிருக்கும். வாங்குபவர் இந்தச் சொற்களைத் தரத்தின் முத்திரையாக எடுத்துக்கொள்கிறார். கால்நடை மருத்துவர் அதே சொற்களைப் படித்தால் அவர் மனத்தில் ஓடுவது வேறு.

பஞ்ச் ஃபேஸ் என்பது உள்ளே அமுங்கிய, தட்டையான முகம். முகத்தெலும்பு குறுகினாலும் உள்ளிருக்கும் சதை அதே அளவுக்குக் குறுகுவதில்லை. மேலண்ணத்தின் மென்சதை தொண்டைக்குள் இறங்கி நிற்கும், மூக்குத் துளைகள் கீறல்போல ஒடுங்கியிருக்கும். நாய்க்கு மனிதரைப் போல உடலெங்கும் வியர்க்காது. நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மூச்சுப் பாதையே அடைபட்ட நாய் சித்திரை வெயிலில் எப்படி இரைக்கும்? பக், ஃபிரெஞ்சு புல்டாக் வகைகள் தூங்கும்போது விடும் குறட்டையை வீட்டார் அழகென்று படமெடுத்து அனுப்புகிறார்கள். பல நாய்களில் அது மூச்சுத் திணறலின் ஒலி. முற்றிய நிலையில் அறுவை செய்துதான் வழியைத் திறக்க வேண்டியிருக்கிறது.

ஹெவி போன் என்று புகழப்படும் பருத்த உடல்வாகு லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் வேறொரு தொல்லையைத் தருகிறது. இவற்றில் இடுப்பு மூட்டுக் கிண்ணத்தில் தொடையெலும்பு சரியாகப் பொருந்தாத பரம்பரைக் கோளாறு பரவலாக உண்டு. குட்டி வேகமாக எடை போட்டால் அது மோசமாகும். கொழுகொழு குட்டியில் தெரியாது. மாடிப்படி ஏறத் தயங்கும் வயதில்தான் தெரியவரும். ஹஸ்கியின் இரட்டை அடுக்கு ரோமம் சைபீரியக் குளிருக்கு உருவானது. சென்னையில் அதை வளர்ப்பவர் குளிர்சாதன அறைக்கும் மின்கட்டணத்துக்கும் சேர்த்தே வளர்க்கிறார்.

சான்றிதழ் விவகாரமும் அப்படித்தான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் சங்கம் தரும் பதிவு, குட்டியின் தாய் தந்தை யார், பாட்டன் பூட்டன் யார் என்பதைச் சொல்லும். அந்தப் பாட்டனுக்கு இடுப்பு நன்றாக இருந்ததா என்று சொல்லாது. தூய வம்சம் என்பதே சிறிய வட்டத்துக்குள் மீண்டும் மீண்டும் இணைசேர்த்து வருவது. இரு பெற்றோரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை குட்டியிடம் ஒன்றுசேரும் வாய்ப்பு அதனால் கூடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் மக்கள் வாங்குவதற்கு விளம்பரத்தின் வலுவே பெரிய காரணம். 2003இல் ஹட்ச் கைப்பேசி நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் ஒரு பக் பின்தொடர்ந்து போனது. நாய் விற்பது அந்த விளம்பரத்தின் நோக்கமே அல்ல. இருந்தும் அந்த நாய்க்கு நாடெங்கும் கிராக்கி ஏறி, தமிழ்நாட்டில் இன்றும் பலர் பக்கை "ஹட்ச் நாய்" என்றே சொல்கிறார்கள். அதில் ஒரு காட்சிகூட நாயின் குணம், உடல்நலம், செலவு பற்றிப் பேசவில்லை. ஒரு பிள்ளையும் ஒரு நாயும் சேர்ந்திருக்கும் படம் போதுமானதாக இருந்தது. தெருக்குட்டிக்காக எழுதுபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குடும்பம் நாயை வாங்குவதற்கு முன்பு, அந்த நாயோடு இருக்கும் தன்னைத்தான் கற்பனையில் பார்க்கிறது. குப்பைத்தொட்டி அருகே நடுங்கும் குட்டியின் படத்தில் அந்தக் குடும்பத்துக்கு இடமில்லை. ஒரு வீட்டு வாசற்படியில் கோலத்தை மிதித்துக்கொண்டு நிற்கும் குட்டியின் படத்தில் இடமிருக்கிறது.

பெருமையை எதிர்க்க இன்னொரு பெருமையைக் கட்டி எழுப்பும் ஆசையும் எழுதுபவர்களுக்கு வருவதுண்டு. "ராஜபாளையம் கிராஸ்", "சிப்பிப்பாறை கலப்பு" என்று கொஞ்சம் வெள்ளையாகவோ ஒல்லியாகவோ இருக்கும் குட்டிக்குப் பட்டம் சூட்டிவிடுகிறார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகியவை குறிப்பிட்ட வேலைக்காகத் தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட தமிழ்நாட்டு இனங்கள். அவற்றுக்குத் தனிக் குணமும் ஓட்டமும் உண்டு. தெருக்குட்டி அந்த இனமல்ல. அது உயர்ந்த சாதிகள் கலந்து கெட்டுப்போனதுமல்ல. யாரும் தேர்ந்தெடுத்து இணைசேர்க்காமல் மனிதக் குடியிருப்பை ஒட்டித் தானாகவே பெருகிவந்த பழைய கூட்டம் ஒன்றின் வாரிசு அது. கிராஸ் என்று நம்பி அழைத்துப்போனவர், வளர்ந்தபின் அந்தச் சாயல் வராதபோது ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். நியாயமும் அவர் பக்கம்தான்.

தெருக்குட்டியைப் பற்றிக் கூசாமல் சொல்லக்கூடிய நல்ல விஷயங்கள் சில உண்டு. குட்டை ரோமம் இந்த வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒத்துவரும். முகமும் முதுகும் கால்களும் இயற்கையான அளவில் இருப்பதால் மூச்சுக்கோ மூட்டுக்கோ பிறவியிலேயே வரும் தொல்லை குறைவு. பலவகை மரபணுக்கள் கலந்து ஓடுவதால் பரம்பரை நோய்கள் ஒன்றுகூடும் வாய்ப்பும் குறைவு. வளர்ந்தபின் நடுத்தர உடல், பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து இருபது கிலோவுக்குள் நிற்கும்.

இதைத் தாண்டி "தெருநாய்க்கு நோயே வராது" என்று எழுதுவது பொய். அந்தப் பொய்யால் இறப்பது குட்டிதான். மேற்கு வங்கத்தில் கொல்கத்தா ஐசர் நிறுவன ஆய்வாளர்கள் 95 ஈற்றுகளில் பிறந்த 364 தெருக்குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு மாதம்வரை உயிரோடிருந்தவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இறப்புகளில் பாதிக்கு மேல் மனிதரால் நேர்ந்தவை. வாகனம், அடி, தூக்கிக்கொண்டு போய்விடுதல் எல்லாம் அதில் அடக்கம். மீதியில் நோய்க்குப் பெரும் பங்கு உண்டு. உறுதியான நாய் என்று தெருவில் கண்ணில் படுவது தப்பிப் பிழைத்த ஒன்று. வீட்டுக்கு வரும் இரண்டு மாதக் குட்டி இன்னும் அந்தக் கட்டத்தைக் கடக்கவில்லை. அதற்குத் தடுப்பூசி லாப்ரடார் குட்டிக்கு வேண்டிய அளவே வேண்டும்.

"இலவசம்" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். விலை இல்லை என்பது உண்மை. சாப்பாடு, ஊசி, உண்ணி மருந்து, கருத்தடை எதிலும் தள்ளுபடி இல்லை. இலவசம் என்று கொட்டை எழுத்தில் போட்டால், காவலுக்கு ஒரு நாயைக் கட்டிப்போடத் தேடுபவர்கள்தான் முதலில் அழைப்பார்கள்.

வாசகம் எழுதும் வேலை குட்டி பிறந்த நாளிலேயே தொடங்குகிறது. சென்னைப் புறநகர்த் தெரு ஒன்றில் நவம்பர் 12 வாக்கில், ஒரு கடையின் சாய்ப்புக்கடியில் நான்கு குட்டிகள் பிறந்ததாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்குள் கண் திறக்கும். நான்காம் வாரத்தில் அவை தத்தித் தத்தி வெளியே வரும். பார்ப்பவர் மனம் உருகும் வயது அதுதான் என்பதால் அப்போதே கொடுத்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். கொடுக்கக் கூடாது. தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் இருக்கும் ஐந்தாம், ஆறாம், ஏழாம் வாரங்களில்தான் குட்டி எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் கற்கிறது. ஓங்கிக் கடித்தால் எதிர்க்குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். இந்தப் பாடம் கிடைக்காத குட்டி, பிறகு வீட்டுப் பிள்ளைகளின் கையைக் கடித்தே அதைக் கற்க வேண்டியிருக்கும். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் விற்பனையாளரே எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. தெருக்குட்டிக்கும் அதே கணக்கு பொருந்தும்.

பிறந்த நாள் தெரியாத குட்டிக்குப் பல்லைப் பார்க்கலாம். மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் பால்பல் முளைக்கும். எட்டு வாரத்தை ஒட்டி 28 பால்பற்களும் இருக்கும். முன்பல் விழுந்து பெரிய பல் வரத் தொடங்கினால் நான்கு மாதத்தை நெருங்கிவிட்டது என்று பொருள்.

காத்திருக்கும் அந்த வாரங்களில் வாசகத்துக்கு வேண்டிய சரக்கு சேர்கிறது. நான்காம், ஆறாம், எட்டாம் வாரங்களில் மருத்துவர் சொல்லும் அளவில் பூச்சி மருந்து. ஜனவரி 7இல் எட்டு வாரம் முடியும்போது முதல் தடுப்பூசி. அதே குட்டிக்கு பிப்ரவரி 4 வாக்கில் இரண்டாம் தவணையும் மார்ச் 4 வாக்கில் மூன்றாம் தவணையும் வேண்டும். ஒரே ஊசியை மூன்று முறை போடுவது மருத்துவரின் வியாபாரம் என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. தாய்ப்பாலின் வழியே வந்த எதிர்ப்பொருள் குட்டியின் இரத்தத்தில் இருக்கும்வரை, அது ஊசி மருந்தையும் நோய்க்கிருமி என்று நினைத்து அழித்துவிடும். அந்தக் கையிருப்பு எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். பதினாறு வாரம்வரை திரும்பத் திரும்பப் போட்டால்தான் ஏதாவது ஒரு தவணை பிடித்துக்கொள்ளும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில்.

இனி வாசகம். அந்தத் தெருக்காரர் முதலில் எழுதியது இப்படி இருக்கக்கூடும்: "நான்கு அழகான நாட்டு நாய்க்குட்டிகள்!! தாயில்லாமல் குளிரில் தவிக்கின்றன. நல்ல உள்ளங்கள் உடனே தொடர்பு கொள்ளவும். சாதி நாய் வாங்குபவர்களே, உங்களுக்கு மனசாட்சி இல்லையா?" இதில் நான்கு குட்டியும் ஒரே குட்டிதான். எந்தக் குட்டிக்கும் முகமில்லை. தாய் உயிரோடு இருக்கும்போதே இல்லாமல் ஆக்கப்பட்டிருக்கிறது. கடைசி வரி, மனம் மாற்ற வேண்டிய ஆளையே வைகிறது. லாப்ரடார் வாங்க நினைக்கும் தகப்பனிடம் மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டால் அவர் அடுத்த செய்திக்கு நகர்ந்துவிடுவார்.

அதே தெருவுக்கு, ஜனவரி நடுவில், இப்படி எழுதலாம்:

"ஒன்பது வாரப் பெண் குட்டி. செம்பழுப்பு நிறம், முன்கால் இரண்டும் வெள்ளை. எங்கள் தெருவிலேயே பிறந்தவள். தாயும் இங்கேதான் இருக்கிறாள், வந்து பார்க்கலாம். பூச்சி மருந்து மூன்று முறை கொடுத்தாயிற்று. முதல் தடுப்பூசி போன வாரம் போட்டோம், அட்டை கையில் தருவோம். இன்னும் இரண்டு தவணையும் ரேபிஸ் ஊசியும் பாக்கி. சோறும் முட்டையும் சாப்பிடுகிறாள். வளர்ந்தால் பதினைந்து கிலோவுக்கு முன்பின் இருப்பாள். காது நிமிருமா மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது. பிள்ளைகளிடம் ஓடி வருகிறாள், மிக்ஸி சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்கு மட்டும். ஆறு மாதம் ஆனதும் கருத்தடை செய்ய வேண்டும், கூட வந்து ஏற்பாடு செய்கிறோம். ஒத்துவராவிட்டால் தெருவில் விட வேண்டாம், எங்களிடமே கொடுத்துவிடலாம். வீட்டில் எல்லோரும் கலந்து பேசிவிட்டு மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. தாயை வந்து பார்க்கலாம் என்பது, சாதி நாய் விற்பவர் பலரால் செய்ய முடியாத உறுதிமொழி. தரகர் கைமாறி வரும் குட்டியின் தாய் எந்தக் கூண்டில் இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. தெருவில் தாயைப் பார்த்தால் குட்டி வளர்ந்து ஏறத்தாழ எந்த உயரத்துக்கு வரும், ஆளைக் கண்டால் எப்படி நடந்துகொள்ளும் என்று பாதியாவது ஊகிக்கலாம். மீதிப் பாதி தகப்பன், அவன் யாரென்று தெரியாது. காது நிமிருமா என்ற வரி அந்த அறியாமையை ஒளிக்காமல் சொல்கிறது. படிப்பவரும் காது எப்படி வரப்போகிறது என்று பார்க்க ஆசைப்படுவார்.

மிக்ஸி சத்தம் என்ற சிறு குறை வாசகத்துக்கு நம்பகம் தருகிறது. குறையே இல்லாத குட்டியை யாரும் நம்புவதில்லை. அந்த வரியை எழுத வேண்டுமென்றால் குட்டி சில நாளாவது ஒரு வீட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை நாயின் மனம் புதியதை எளிதாக ஏற்கும் காலம். அப்போது குக்கர் விசில், கட்டைக்குரல் ஆண், தலைக்கவசம் போட்ட ஆள், தாத்தாவின் கைத்தடி எல்லாம் பழகினால் பிறகு மிரளாது. கூச்சமான குட்டிக்கு வாசகத்தை மெருகேற்றுவதைவிட, அதை ஒரு வாரம் யார் வீட்டிலாவது தங்கவைப்பது நல்ல பலன் தரும்.

பெண் குட்டி என்பதை முதல் வரியிலேயே சொல்வது ஒரு தேர்வு. வீடு கிடைக்காமல் கடைசிவரை நிற்பவை பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள். கேட்டால் "வருஷா வருஷம் குட்டி போட்டு வைக்கும்" என்பார்கள். அதற்குப் பதில் கருத்தடை வரியில் இருக்கிறது. ஒரே அறுவை, அதன் பிறகு ஈற்றும் இல்லை, கருப்பையில் சீழ் வைக்கும் நோயும் இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பும் மிகக் குறையும். பாலினத்தை மறைத்து அழைப்பு வரவழைத்தால் வந்தவர் வாசலோடு திரும்பிப் போவார்.

படமும் வாசகத்தில் சேர்த்தி. நின்றுகொண்டு மேலிருந்து எடுத்த படத்தில் தலை பெரிதாகவும் உடல் சுருங்கியும் தெரியும். தரையில் உட்கார்ந்து, குட்டியின் கண்மட்டத்தில், காலை வெளிச்சத்தில் எடுத்தது போதும். அளவு தெரிய ஒருவர் கை படத்துக்குள் இருக்கட்டும். கறுப்புக் குட்டியை இருண்ட மூலையில் எடுத்தால் இரண்டு கண் மட்டுமே மிஞ்சும்.

அழைப்பு வந்தபின் நடக்கும் பேச்சு வாசகத்தின் இரண்டாம் பாதி. "பிள்ளைங்க அடம் பிடிக்குதுங்க சார், அதான் எடுக்கலாம்னு" என்று சொல்பவரிடம், பள்ளி திறந்ததும் காலையில் யார் வெளியே கூட்டிப் போவார்கள் என்று கேட்பது அவசியம். வாடகை வீடா, உரிமையாளருக்குத் தெரியுமா, பாட்டிக்குச் சம்மதமா என்பதும் அப்படித்தான். தரப்பட்ட குட்டிகள் திரும்பி வருவதற்கு வீட்டில் ஒருவரைக் கேட்காமல் எடுத்த முடிவே அடிக்கடி காரணமாகிறது. குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கவே கூடாது என்று தடைவிதிக்க முடியாது என விலங்கு நல வாரியம் தெளிவுபடுத்தியிருக்கிறது. இருந்தாலும் சங்கத்தோடு மல்லுக்கட்டும் தெம்பு அந்தக் குடும்பத்துக்கு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும். தெருவில் பிறந்தது என்பதற்காக அதில் விலக்கு இல்லை.

பொங்கலை ஒட்டித் தருவதில் ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. நான்கு நாள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். ஆனால் போகி மேளமும் விருந்தாளிக் கூட்டமும் புதுக்குட்டிக்கு ஆகாது. விழா முடிந்த மறுநாள் கொடுப்பதே சரி.

கொடுத்த முதல் இரண்டு வாரங்களில்தான் எல்லாம் கெடுவதும் தேறுவதும். முதலில் வருவது பெரும்பாலும் வயிற்றுப்போக்கு. அன்பு மிகுதியில் ஊற்றிவைக்கும் பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது. பாலை நிறுத்தி, குழைந்த சோற்றோடு உப்பும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி கொடுத்தால் இரண்டு நாளில் சரியாகும். சரியாகாமல், குட்டி சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்காமல் சுருண்டு படுத்து, வாந்தியெடுத்து, இரத்தம் கலந்து துர்நாற்றத்தோடு கழிந்தால் அது பார்வோவாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கிருமி உடலில் புகுந்து மூன்றிலிருந்து ஏழு நாளில் அறிகுறி தெரியும் என்பதால், தெருவிலேயே தொற்றிய நோய் புது வீட்டில் வெளிப்படுவது சகஜம். குடும்பத்துக்கு இது முன்கூட்டித் தெரியாவிட்டால் நோய்க்குட்டியைத் தலையில் கட்டிவிட்டதாக நினைப்பார்கள். அதனால் நோயுற்ற உடன்பிறப்பு ஒன்று இருந்தால், மற்ற மூன்றையும் பத்து நாளாவது கையிலேயே வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் வாசகத்தை வெளியிட வேண்டும். பார்வோவில் ஒரு குட்டி இறந்த வீட்டுக்கு உடனே இன்னொன்றைத் தருவதும் தவறு. அந்தக் கிருமி மண்ணிலும் தரையிடுக்கிலும் மாதக்கணக்கில் கிடக்கும். பினாயிலுக்கு மசியாது, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் அழியும்.

வாசகத்தில் எழுத மனம் வராத விஷயம் ரேபிஸ். தெருவில் பிறந்த குட்டிக்கு மூன்று மாதத்துக்குள் அந்த ஊசியின் காப்பு இருக்காது. தாயை வெறிநாய் கடித்திருந்ததா என்பதும் யாருக்கும் தெரியாது. நேரில் வருபவரிடம் இதை வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். விளையாட்டாக என்றாலும் பல் பட்டு இரத்தம் கசிந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்க வேண்டும். காரணமில்லாமல் குணம் மாறி, விழுங்க முடியாமல் எச்சில் வடித்து, தள்ளாடும் குட்டியை யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது. இதைச் சொன்னால் பயந்து போய்விடுவார்கள் என்பது எழுதுபவரின் கவலை. சிலர் போய்த்தான் விடுவார்கள். தெரிந்தபின்னும் நிற்கும் குடும்பம் ஊசித் தேதியைத் தவறவிடாது.

"எங்களிடமே கொடுத்துவிடலாம்" என்ற வரிக்கு இப்போது சட்டத்தின் ஆதரவும் சேர்ந்திருக்கிறது. தலைநகர்ப் பகுதித் தெருநாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று தந்த உத்தரவு, விரும்புவோர் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்க வழிவிட்டது. அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்றும் சேர்த்துச் சொன்னது. வீட்டுச் சோற்றில் வளர்ந்து ஆறு மாதத்தில் தெருவில் விடப்படும் நாய், பழைய தெருநாய்களிடம் கடிபடும். வண்டிக்கு ஒதுங்கவும் அதற்குத் தெரியாது.

குட்டிக்கு வீடு கிடைத்த அன்றே அந்த விளம்பரத்தை எடுத்துவிட வேண்டும், அனுப்பிய குழுக்களிலும் "வீடு கிடைத்துவிட்டது" என்று போட வேண்டும். பழைய வாசகம் ஆறு மாதம் கழித்தும் சுற்றிவந்தால், அழைத்து ஏமாறும் குடும்பம் அடுத்த அறிவிப்பை நம்பாது. மூன்று குட்டிக்கு வீடு கிடைத்து ஒன்று மிஞ்சுவது வழக்கமான கணக்கு. அதற்குப் புதிய படமும் புதிய வயதும் போட்டு வாசகத்தை மறுபடி எழுத வேண்டும். நான்கு மாதக் குட்டிக்கு ஒன்பது வாரப் படத்தைக் காட்டினால் வந்தவர் வாசலிலேயே திரும்பிவிடுவார். மூன்று தடுப்பூசியும் ரேபிஸ் ஊசியும் முடிந்தது, இரவில் அழுவதில்லை, வெளியே போய் ஒன்றுக்கிருக்கப் பழகிவிட்டது என்ற வரிகள் வளர்ந்த குட்டிக்கு மட்டுமே எழுதக்கூடியவை. வேலைக்குப் போகும் தம்பதியருக்கு அந்த வரிகள்தான் வேண்டும்.

குட்டிகள் போனபின் தாய் அந்தச் சாய்ப்புக்கடியிலேயே இருப்பாள். அடுத்த மழைக்காலத்தில் மறுபடி சினையாவாள். சென்னையின் புளூ கிராஸ் அமைப்பு தெருநாய்க் கருத்தடையை 1964இலேயே தொடங்கியது. மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996இல். இன்று நடைமுறையில் உள்ள 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் முடிந்த நாயை, அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டி, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு உடனே அறுவை செய்வதில்லை. குட்டிகள் பால்குடி மறந்து, மடி வற்றியபின் மாநகராட்சிக்கோ கருத்தடை நடத்தும் அமைப்புக்கோ சொல்லி அழைத்துப் போகலாம். நவம்பரில் ஈன்றவளுக்கு அது ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ அமையும். கடைசிக் குட்டிக்கான அறிவிப்பு இன்னும் பலகையில் ஒட்டியிருக்கும் நாட்கள் அவை. தாய்க்குக் கருத்தடைக்குத் தேதி வாங்கியாயிற்று என்று அந்த அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம்.